பதினொன்றா, பதினைந்தா

"அடுக்கின் மேலிருந்து முதலில் எடுக்கப்படும் எண், குறியின் வலப்பக்கத்துக்கு உரியது. இரண்டாவதாக எடுக்கப்படும் எண், இடப்பக்கத்துக்கு உரியது."

கம்பைலர் பாடத்துக்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட செய்முறைத் தாளில் இது நான்காம் விதி. ஆங்கிலத்தில் இருந்தது, பொருள் இதுதான். முப்பது ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு தெளிவான விதியை அதன்பின் நான் கண்டதில்லை. அதை எழுதியவரே அதை மீறியிருந்தார் என்பதும், மீறியது அவருக்கே தெரியாது என்பதும் வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பட்டயப் படிப்பு, ஓராண்டு. எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், பெரிய காஞ்சிபுரம். இன்னொருத்தி தாமல் பக்கத்துச் சமணக் குடும்பம். வீட்டில் ஏரிப் பாசன நிலமும், காஞ்சிபுரத்தில் சித்தப்பாவுக்குப் பாத்திரக் கடையும் இருந்தன. இருவரும் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள், ஒரே விடுதி அறை. அவள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டாள். அதனால் எங்கள் வாக்குவாதங்கள் எல்லாம் சூரியனோடு சேர்ந்து அஸ்தமிக்கும்.

செய்முறை இதுதான். நாம் ஒன்பதிலிருந்து நான்கைக் கழிக்க 9 − 4 என்று எழுதுகிறோம். போஸ்ட்ஃபிக்ஸ் முறையில் எண்கள் முதலில், குறி கடைசியில்: 9 4 −. அடைப்புக்குறியே வேண்டாம் என்பது அதன் அழகு. இயந்திரம் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். எண் வந்தால் அடுக்கின் மேல் வைக்கும். குறி வந்தால் மேலிருந்து இரண்டு எண்களை எடுக்கும், கணக்குப் போடும், விடையைத் திரும்ப அடுக்கின் மேல் வைக்கும். வரி முடியும்போது அடுக்கில் ஒரே ஓர் எண் மிஞ்சும். அதுதான் விடை. இதைச் செய்யும் நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, அட்டைகளில் துளையிட்டு, கணினி மையத்தில் கொடுக்க வேண்டும்.

விரிவுரையாளர் நல்லவர். பாதி நிரலை அவரே எழுதி சைக்ளோஸ்டைல் செய்து எல்லாருக்கும் கொடுத்தார். எண்ணையும் குறியையும் பிரித்துப் படிக்கும் பகுதியை நாங்கள் எழுத வேண்டும். எடுத்துக் கணக்குப் போடும் பகுதி அவருடையது. கடைசிப் பிரதி எனக்கு வந்தது. ஸ்டென்சிலில் மை தீர்ந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில், கணக்குப் போடும் இடத்தில், கொசு செத்து ஒட்டியது போலச் சில புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மறு பிரதி கேட்கக் கூச்சப்பட்டு, நான்காம் விதியைப் பார்த்து அந்த இடத்தை நானே எழுதிக்கொண்டேன். முதலில் ஒன்றை எடுத்து B என்று வைத்துக்கொள், அடுத்ததை எடுத்து A என்று வைத்துக்கொள், A-யிலிருந்து B-யைக் கழி. மூன்று வரி. நான் விதியைப் பின்பற்றியது ஒழுக்கத்தால் அல்ல, மையில்லாததால்.

தேர்வுக்கு மூன்று வரிகள் கொடுத்தார்கள். மூன்றுக்கும் விடை பொருந்தினால்தான் மதிப்பெண். ஒன்று தவறினாலும் பூஜ்யம். முதல் இரண்டில் கூட்டலும் பெருக்கலும்தான். மூன்றாவது:

9 4 − 3 × 8 2 / −

என் நிரல் 11 என்று அச்சிட்டது. திருத்துவதற்கென்று கல்லூரி வைத்திருந்த விடைத்தாளில் 15 என்று இருந்தது. வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் 15.

பலகையில் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த தோழி, கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாடி இது, முட்டை வாங்கிக்கினு வந்து நிக்கற! நான் முட்டையைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிற ஜாதி. உன்னுதைப் பாத்தா எனக்கே அழுகை வருது."

"அழாதே. பதினொண்ணுதான் சரி. கையால போட்டுப் பாத்துட்டேன்."

"எங்களுக்கெல்லாம் பதினஞ்சு வந்திருக்குதே. மிஷின் போட்டது."

"எனக்கும் மிஷின்தான் போட்டுது."

"அப்ப மிஷினுக்கு உன்மேல எதுவோ கோவம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அரசுத் துறையின் கணக்கீட்டு மையத்தில் புரோகிராமர் வேலைக்கு என் பெயர் தேர்வாகியிருந்தது. ஜூன் பதினைந்தாம் தேதிக்குள் தேர்ச்சிச் சான்றோடு வந்து சேர வேண்டும். தவறினால் வேலை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. கம்பைலர் பாடத்தில் செய்முறை பூஜ்யம் என்றால் பாடமே தோல்வி. மறுதேர்வு டிசம்பரில்.

படிப்புக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்ணில் குறை உள்ளவர் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் மறு ஆய்வு கோரலாம். விண்ணப்பம் பெற்ற பதினைந்து நாட்களுக்குள் பதில் தரப்படும். நல்ல விதி. அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் என் விண்ணப்பத்தை மேசையில் வைத்து, அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடியை வைத்தார்.

"விடைத்தாள் யாரும்மா போட்டாங்க?"

"சார் போட்டாரு."

"சார் கையால போடலைம்மா. சாரோட புரோகிராமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டி எடுத்த விடை. கம்ப்யூட்டர் தப்புப் போடுமா?"

"நான் எடுத்ததும் அதே கம்ப்யூட்டர்தான் சார்."

"அப்படின்னா நீ தப்பு." இதைவிடச் சுத்தமான தர்க்கத்தை நான் பிற்காலத்தில் அமைச்சக மட்டத்தில்தான் கேட்டேன். "சாரோட குறிப்பு இல்லாம இந்த ஃபைல் நகராது. அவரு வடக்கே கோடைப் பயிற்சிக்குப் போயிருக்காரு. ஜூன் கடைசிக்குத்தான் வருவாரு."

"தபால்ல அனுப்பலாமே சார்."

"அனுப்பலாம்." அனுப்புவேன் என்று அவர் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வந்தேன். அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு, பதினொன்று சரியா பதினைந்து சரியா என்று அவர் கேட்கவே இல்லை.

"ரசீது வாங்கினியாம்மா?"

"இல்லைப்பா."

"அப்ப நீ விண்ணப்பமே குடுக்கலை. நாளைக்கே ரிஜிஸ்டர் தபால்ல இன்னொண்ணு அனுப்பு, ஒப்புகை அட்டை வச்சு. அப்புறம் ஒண்ணு. நீ சரின்னு எழுதாதே. நீ சரின்னா அவங்களுக்கு இன்னா வந்தது? அவங்க எப்படித் தப்புன்னு எழுது. அதுக்குத்தான் பதில் சொல்லியாகணும்."

ரிஜிஸ்டர் தபால் மறுநாளே போனது. அப்பா சொன்ன இரண்டாவது வேலைதான் கடினம். பதினைந்து எங்கிருந்து வந்தது? தவறான விடைக்கும் ஒரு வழி இருக்கும். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் தவறு என்று சொல்வது வெறும் கூச்சல்.

தோழி சித்தப்பா கடைக்கு வரச் சொன்னாள். மத்தியானத்தில் வியாபாரம் இருக்காது. நூல் வாங்க வந்த நெசவுக்காரர்கள் இரண்டு பேர் நிழலுக்காக வாசலில் நின்றிருந்தார்கள். எவர்சில்வர் தட்டுகளைத் தரையில் வைத்துக்கொண்டு, சிறு துண்டுக் காகிதங்களில் எண்கள் எழுதினோம். தட்டுக்கு ஒரு சீட்டு. சித்தப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா பண்றீங்க? ஒன்பது, நாலுன்னு பேரு வெட்டிக் குடுக்கணுமா? சீர் வரிசைக்கா?"

"பரிட்சைக்கு சித்தப்பா."

"சரி சரி. கீறல் விழாமப் படிங்க."

முதலில் நான் செய்தேன். 9, அதன்மேல் 4. கழித்தல் குறி வந்தது. மேலிருந்த 4-ஐ எடுத்து வலது பக்கம் வைத்தேன், அடுத்த 9-ஐ இடது பக்கம். ஒன்பதில் நான்கு போக ஐந்து. 5 என்ற தட்டைத் திரும்ப வைத்தேன், அதன்மேல் 3. பெருக்கல்: 15. அதன்மேல் 8, அதன்மேல் 2. வகுத்தல் குறி: 2 வலது, 8 இடது, விடை 4. இப்போது அடுக்கில் கீழே 15, மேலே 4. கடைசிக் கழித்தல்: 11. தட்டு ஒன்றே மிஞ்சியது.

"இப்ப நீ செய். எதையும் யோசிக்காதே. கை போற வழியில போ."

அவள் செய்தாள். கழித்தல் குறி வந்ததும் மேலிருந்த 4-ஐ எடுத்தாள், எழுதும் வழக்கப்படி இடது பக்கம் வைத்தாள். 9-ஐ எடுத்து அதற்கு வலப்பக்கம் வைத்தாள். நான்கில் ஒன்பது போக, கழித்தல் ஐந்து. மூன்றால் பெருக்க, கழித்தல் பதினைந்து. பிறகு 8, 2. வகுத்தலில் 2 இடது பக்கம் போனது, 8 வலது பக்கம். இரண்டை எட்டால் வகுக்க முழு எண்ணில் பூஜ்யம். கடைசிக் கழித்தல். மேலிருந்த பூஜ்யத்தை இடது பக்கம் வைத்தாள், கழித்தல் பதினைந்தை வலது பக்கம். பூஜ்யத்திலிருந்து கழித்தல் பதினைந்தைக் கழித்தால்...

"பதினஞ்சு!" என்றாள். பிறகு தன் கைகளையே பார்த்தாள். "ஏண்டி, நான் திருப்பி வச்சிட்டேனா?"

"மூணு தடவையும்."

"முதல்ல சொல்லித் தொலைக்கறதுதானே!"

"சொல்லியிருந்தா பதினஞ்சு வந்திருக்குமா?"

அவளிடம் நல்ல பிரதி இருந்தது. விரிவுரையாளர் எழுதிய கழித்தல் வரி ஒரே வரி. மேலிருந்து எடுக்கும் துணைநிரலுக்கு அவர் பாப் என்று பெயர் வைத்திருந்தார். அந்த வரியில் இருந்தது: பாப், கழித்தல் குறி, பாப். அவ்வளவுதான். இயந்திரம் இடப்பக்கத்துப் பாப்பை முதலில் இயக்கினால், மேலே இருக்கும் 4 இடப்பக்கத்தில் உட்கார்ந்துவிடும். எல்லாம் தலைகீழ்.

"ஆனா சாருக்கு இது தெரியாதா?" என்றாள் தோழி. "நாலாம் விதியை எழுதினதே அவருதானே. ஓட்டிப் பாக்காம குடுப்பாரா?"

அதுதான் முட்டியது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுக்கு எழுந்தாள். எழுந்தவள் பாதியில் நின்றாள்.

"அவரு போன வருஷம் வேற ஊரு, வேற மிஷின். இல்ல?"

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு வரியில் இரண்டு துணைநிரல்கள் இருந்தால் எதை முதலில் இயக்குவது என்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் விருப்பம். ஃபோர்ட்ரான் அதைக் கட்டாயப்படுத்தவில்லை; ஒன்றின் வேலை இன்னொன்றின் விடையை மாற்றும்படி ஒரே வரியில் எழுதாதே என்றுதான் சொல்கிறது. வலப்பக்கத்தை முதலில் இயக்கும் கம்பைலரில் அதே வரி 4-ஐ வலப்பக்கம் வைக்கும், 11 தரும். இடப்பக்கத்தை முதலில் இயக்கும் கம்பைலரில் 15 தரும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் விடை மாறும். கம்பைலர் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிழை வேறு கிடைக்காது. ஆனால் அதைப் பாடத்தில் சேர்க்க யாரும் திட்டமிடவில்லை.

ஊகம் போதாது, இயந்திரமே சொல்ல வேண்டும். மறுநாள் இருவரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். கணினி மைய ஜன்னலில் இருந்தவர் என் அட்டைக்கட்டைத் தொடவில்லை.

"கோர்ஸ் முடிஞ்சிடுச்சும்மா. உங்க கணக்கெல்லாம் மூடியாச்சு."

சுவரில் அவருக்குப் பின்னால் மையத்தின் விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மாணவர் கணக்கு, மதிப்பீடு முடியும் வரை நடப்பில் இருக்கும்.

"என் மதிப்பீடு முடியலையே சார். மறு ஆய்வு கேட்டிருக்கேன்." ரிஜிஸ்டர் தபால் ரசீதைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன்.

அவர் திரும்பிச் சுவரைப் படித்தார். நெடுநாளாக அவருக்குப் பின்னால் இருந்த சுவர். முன்னால் இருந்து படித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அட்டைகளை வாங்கிக்கொண்டார்.

மிகச் சிறிய நிரல். அடுக்கில் 9 வை, 4 வை, விரிவுரையாளரின் ஒரே வரியில் கழி, அச்சிடு. மறுபடி 9 வை, 4 வை, என் மூன்று வரியில் கழி, அச்சிடு. மறுநாள் மத்தியானம் தாள் கைக்கு வந்தது. முதல் விடை −5. இரண்டாவது 5. ஜன்னல் பக்கத்திலேயே தோழி என் முதுகில் ஒரு அறை விட்டாள்.

திரும்பி வரும்போது ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் விடியலில் கருட சேவை. முந்தின மாலையே ஜனம் சாலையை எடுத்துக்கொண்டுவிட்டது. டப்பா இட்லியை அவள் பஸ்ஸிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே முடித்திருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.

"இதை மட்டும் அனுப்பினா போதாது," என்றேன். "இது ரெண்டு எண்ணு. கொடுத்த மூணாவது வரிக்கே, சாரோட பகுதியை வச்சு பதினஞ்சு வந்த அச்சுத்தாள் ஒண்ணு வேணும். அதுல எந்த வரியால பதினஞ்சு வந்துதுன்னு கோடு போட்டுக் காட்டணும்."

"என்னுது வேணும்னு சொல்லு. சுத்தி வளைக்காதே."

"உன்னுது தப்புன்னு நானே எழுதணும்."

"தப்புதானே?"

"அவங்க உன் மார்க்கைப் பிடுங்கினா? உனக்கும் வேற வேலைக்கு நேர்காணல் கூப்பிட்டிருக்காங்க."

கூட்டம் எங்களைத் தள்ளியது. ஒரு பலூன்காரர் பாதையை மறித்து விற்றுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பதில் சொன்னாள்.

"தறியில பாவு நூலே திருப்பிக் கட்டியிருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் புடவையை மடிச்சு வித்துடலாமா? எங்க சித்தப்பா கடையில ஓட்டைச் செம்புக்கே காசைத் திருப்பிக் குடுத்துடுவாரு. எழுதுடி. நான் கையெழுத்தும் போடறேன். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"நான் தப்பு பண்ணேன்னு எழுதாதே. சார் குடுத்த வரியை அப்படியே துளை போட்டேன்னு எழுது. உண்மையும் அதுதான்."

மூன்று இணைப்புகளோடு கடிதம் எழுதினேன். ஒன்று, நான்காம் விதி இருந்த தாள். இரண்டு, −5-உம் 5-உம் அச்சான தாள். மூன்று, அவளுடைய நிரலும் 15-உம், ஓரத்தில் அவள் கையெழுத்தும். அப்பா வாசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "'தயவுகூர்ந்து'ன்னு ஒண்ணு போதும். நாலு போட்டிருக்கே. ஜாஸ்தி பணிஞ்சா பயந்துட்டாளோன்னு நினைப்பாங்க." ஒரு பிரதி அலுவலகத்துக்கு, அதே நாளில், கண்காணிப்பாளர் தயவை எதிர்பார்க்காமல், ஒரு பிரதி வடக்கே பயிற்சி முகாமின் முகவரிக்கு விரிவுரையாளர் பெயருக்கே. பதில் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதை இரண்டிலும் கோடிட்டு எழுதினேன்: விடுதி அல்ல, காஞ்சிபுரம் வீடு.

பதினைந்து நாள் விதி தன் பதினைந்தாம் நாளைக் கடந்து போனது. விதிக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. வேலை கொடுத்த துறைக்குச் சேரும் தேதியை நீட்டிக்கக் கேட்டு எழுதினேன். நீட்டிக்க இடமில்லை என்று நான்கே நாளில் பதில் வந்தது. மறுக்கும் கடிதங்கள் மட்டும் எப்போதும் விரைவுத் தபாலில்தான் வரும்.

நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போனேன்.

"மறுபடியும் வந்துட்டியாம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"பதில் வரலையே சார்."

"ஃபைல் மேல போயிருக்குது."

"மேலன்னா யாருகிட்ட?"

"மேலன்னா மேலதாம்மா."

மேலே வைத்தது முதலில் வெளியே வர வேண்டும் என்று அவருக்கு விளக்க ஆசைதான். அவருடைய மேசையில் அடுக்கு வேறு விதமாக இயங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தேன், மாலை வரை உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். திட்டவில்லை, அழவில்லை. கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை, பூட்டும் நேரத்தில், அவர் பெருமூச்சு விட்டார்.

"வீட்டுக்குப் போம்மா. சாரு எழுதியிருக்காரு. கடிதம் அனுப்பிட்டோம்."

"எப்ப சார்?"

"போன வாரமே."

"என்ன எழுதியிருக்காரு?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தபால்ல வரும்."

தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைவதைப் பார்க்க நான் வாசலில் நின்றேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதையும் பார்த்தேன். அடுத்த நாளும் அப்படியே. ஜூன் பதினைந்துக்குக் கட்டிக்கொள்ளப் புடவையை அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கடிதம் விடுதிக்குப் போயிருந்தது. விடுதி விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. காவலாளி அதை வார்டனின் ஊருக்கு அனுப்ப, வார்டன் முகவரியை அடித்துவிட்டு என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். உறை முழுக்க முத்திரைகள்.

உள்ளே ஒரு பக்கம். விரிவுரையாளர் தன் முந்தைய ஊரின் இயந்திரத்தில் அந்த நிரல் பதினொன்றுதான் தந்தது என்றும், இங்கே இடப்பக்கம் முதலில் இயங்குவதைத் தான் சோதிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். 11 சரியான விடை. எனக்கு முழு மதிப்பெண். கொடுத்த பகுதியை அப்படியே பயன்படுத்தியவர்களின் மதிப்பெண் குறைக்கப்படாது. தேர்ச்சிச் சான்று இணைப்பு. கடைசி வரி மட்டும் அலுவலக நடையில் இல்லை, அவர் எழுதியதை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்தது போலிருந்தது: அடுத்த ஆண்டு முதல் இந்த மாணவியின் மூன்று வரிகளையே வகுப்பில் கொடுக்கப்போகிறேன்.

தோழிக்கு ஆள் அனுப்பினேன். சித்தப்பா கடையிலிருந்து பதில் வந்தது: மார்க் போகவில்லை என்றால் நல்லது, போயிருந்தாலும் தட்டுக்கு வாடகை உண்டு.

கடிதத்தின் மேல் இருந்த தேதி ஜூன் 2. அது என் கைக்கு வந்த தேதி ஜூன் 14.